முதற்பத்தியில் திங்கள்

ஊர்காவற்றுறையில் கனகசபையின் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர் இராசநாயகம். வார லீவாக இருந்த போயா என்ற பிறைநாள் விடுமுறை நின்று ஞாயிறு மறுபடியும் லீவு நாளான வருடம் அது. எழுபத்திரண்டாம் ஆண்டுக் கலண்டருக்குப் பழைய சட்டங்களைப் பிரித்துப் புதிதாகக் கோக்க வேண்டியிருந்தது.

கப்பலில் வேலை செய்த மகன் கொண்டுவந்த வெளிநாட்டுக் கலண்டரைக் கனகசபை மேசையில் விரித்தார். அதில் முதற்பத்தி திங்கள், கடைசிப்பத்தி ஞாயிறு.

"கந்தோர்க்காரருக்குக் கிழமை திங்களிலைதான் துவங்குது. சனியும் ஞாயிறும் பக்கத்திலை கிடக்கட்டும்." அலுவலக வாரம்தான் அவர் கணக்கு.

கோயிலிலும் ஊரிலும் ஞாயிறைத்தான் முதல் நாளாக எண்ணுகிறார்கள் என்று இராசநாயகம் சொல்லிப் பார்த்தார். பிறகு ஏப்ரலைக் கோத்தபோது அவருக்கே ஆசை வந்துவிட்டது. ஞாயிறு முன்னால் நின்றால் முப்பதாம் திகதி மட்டும் ஆறாவது வரிக்கு ஓடும். திங்கள் முன்னால் வந்ததும் மாதம் ஐந்து வரிக்குள் அழகாக அடங்கியது. ஒக்டோபரில் அதே மாற்றம் ஒரு வரியைக் கூட்டியதை அவர் பெரிதாக எடுக்கவில்லை. ஞாயிறுகளைச் சிவப்பில் அடிக்க ஒவ்வொரு தாளையும் இரண்டாம் முறை அச்சில் விட வேண்டும். மைத் தட்டுப்பாடு. எல்லாம் கறுப்பிலேயே போயிற்று.

யேசு பிறந்த நத்தாருக்கு நெடுந்தீவிலிருந்த அக்கா றோசம்மாவுக்கு ஒன்று அனுப்பினார். அவளுடைய மகள் ஜசிந்தா தலைப்பிள்ளைத்தாய்ச்சி. கால் வீங்கியிருந்தது. ஜனவரி பன்னிரண்டாம் திகதி தீவுக்குப் பெரிய டொக்டர் வருவார், கட்டாயம் காட்டவேணும் என்று மருத்துவமாது சொல்லியிருந்தாள்.

றோசம்மாவுக்கு வாசிக்கத் தெரியும். ஆனால் கலண்டரின் தலைப்பை யார் வாசிக்கிறார்கள்? பன்னிரண்டு மூன்றாம் பத்தியில் நின்றது. ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று மனம் தானாக எண்ணிக்கொண்டது. செவ்வாய்க்கிழமை மகளை வண்டிலில் ஏற்றினாள். கல்லு ரோட்டில் குலுங்கிக் குலுங்கி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, டொக்டர் நாளைக்குத்தான் என்றார்கள். வெயிலில் திரும்பினார்கள்.

புதன் காலை ஜசிந்தா பாயைவிட்டு எழும்பவில்லை. "இன்னொருக்கா அந்த வண்டிலிலை என்னாலை ஏலாதம்மா," என்றாள். மத்தியானம் வலிப்புக் கண்டது. ஆட்கள் மருத்துவமாதுவைக் கூட்டிவருமுன் தாயும் வயிற்றுப் பிள்ளையும் போய்விட்டார்கள்.

அடக்கம் முடிந்த அன்று கலண்டரைப் பார்த்துச் செவ்வாய் போய்த் திரும்பியதை றோசம்மா சொன்னாள். இராசநாயகம் சுவரில் தொங்கியதைப் பார்த்தார். சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"அதிலை முதல் திங்களெல்லே, அக்கா."

அவள் கிட்டப்போய்ச் சின்ன எழுத்துகளை விரலால் தடவி வாசித்தாள்.

"நீயோ கோத்தனி, தம்பி?"

"ஓம்."

அவள் குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கனகசபையிடம் சொன்னபோது, தலைப்புச் சரியாகத்தானே அடித்திருக்கிறோம் என்றார். பொய்யில்லை. அடுத்த வருடம் கடைக்காரர் நாள் மாறிப்போகிறதென்று முறைப்பட்டதால் ஞாயிறு முன்னுக்கு வந்தது. அந்தப் பேச்சில் ஜசிந்தாவின் பெயர் அடிபடவில்லை.

அடுத்த நத்தாருக்கு முன்னரே, இனிக் கலண்டர் அனுப்ப வேண்டாம் என்று வள்ளக்காரனிடம் றோசம்மா சொல்லியனுப்பினாள். இறந்தோர் திருநாளுக்கு இராசநாயகம் வருடந்தவறாமல் நெடுந்தீவுக்குப் போவார். அவர் ஜசிந்தாவின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தி முடிக்கும்வரை அக்கா சேமக்காலை வாசலிலேயே நிற்பாள்.