நூகு பாய் பென்சில் வைத்த முகம்

காரைக்காலில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த நூகு பாயோடு நான் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தது மொத்தமே ஒரு பகல்தான். 1957இல், ஒரு குறும்படத்தால் வந்த வினை அது.

பள்ளிக்கூட வாத்தியார் தெட்சிணாமூர்த்தி ஓர் இரவல் கேமராவில் பதினெட்டு நிமிஷப் படம் எடுத்திருந்தார். கிளிஞ்சல்மேட்டிலிருந்து மீன்கூடையோடு புறப்படும் ஒருத்தியின் ஒரு நாள், அவ்வளவுதான் கதை. நடிகையெல்லாம் கிடையாது. அந்த ஊர்க் காசியம்மாவே கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் அவளை அப்படியே நிற்கச் சொல்லி ஸ்டில் எடுத்தவர் நூகு பாய்.

பிரான்சில் நடந்த குறும்பட விழா ஒன்று படத்தைப் பார்க்க ஒப்புக்கொண்டது. பத்திரிகைக்காரர்களுக்குக் கொடுக்க ஆறு ஸ்டில், சுவரொட்டிக்கு ஒரு படம், கதைச் சுருக்கம், எடுத்தவர், நடித்தவர் வாழ்க்கைக் குறிப்பு எல்லாம் கேட்டிருந்தார்கள். கோர்ட்டில் பிரெஞ்சு மொழிபெயர்க்கும் குமாஸ்தா என்பதால் எழுத்து வேலை என் தலையில் விழுந்தது. மறுநாள் தபாலில் சேர்க்காவிட்டால் தேதி தப்பிவிடும்.

காலையில் ஸ்டுடியோ மேசையில் படங்களைப் பரப்பினோம். சுவரொட்டிக்கு எது என்பதில் சண்டையே இல்லை. காசியம்மா கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள். தலைக்கு மேலே வெறும் வானம். படத்தின் பெயர் போட அத்தனை இடம். வாத்தியார் அதைக் கையில் எடுத்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"பாய், அம்மைத் தழும்பு எங்கே?"

"பென்சில் வச்சேன்," என்றார் நூகு பாய், சாதாரணமாக.

கல்யாணத்துக்குப் பெண் படம் எடுத்தால் நெகட்டிவில் மருந்து தடவி, தழும்பு விழுந்த இடத்தைக் கூர்ப் பென்சிலால் புள்ளி புள்ளியாக அடைத்துவிடுவார். பிரிண்ட் போட்டால் கன்னம் வழவழவென்று இருக்கும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் கை வைத்துவிட்டார். மற்ற ஆறு ஸ்டில்லிலும் அப்படியே!

"படத்துல ஒரு மொகம், சுவரொட்டியில வேற மொகமா? பார்க்கிறவன் சிரிக்கமாட்டானா? பென்சிலை அழிச்சிடுங்க பாய்," என்று நான் கத்தினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"மாட்டேன். தொழில் தொடங்குன வருஷம் ஒரு பொண்ணு படத்தை உள்ளது உள்ளபடி குடுத்தேன். மாப்பிள்ளை வீட்டுல தழும்பைப் பாத்துட்டு வேணாம்னுட்டாங்க. அது இந்த வாசல்ல வந்து நின்னு அழுதுச்சு, சுப்ராயன். இன்னொரு பொம்பளை மொகத்தை ஊரான் பாத்துச் சிரிக்க அனுப்பமாட்டேன். அல்லா மேல ஆணை."

அப்புறம் நான் அவர் பக்கமே திரும்பவில்லை. வாத்தியார்தான், "முகத்துக்குச் சொந்தக்காரியைக் கேப்போம்" என்று சொல்லி காசியம்மாவுக்கு ஆள் அனுப்பினார்.

கூடை விற்றுத் தீர்ந்து சாயங்காலம் காசியம்மா வந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கிப் பார்த்தாள்.

"யாருங்க பாய் இது?"

"நீதான் தங்கச்சி. அழகா இல்லை?"

"அழகாத்தான் இருக்கு." அவள் விரல் தன் கன்னத்துக்குப் போனது. "எம் மவளுக்கும் எனக்கும் ஒண்ணாத்தான் பாய் அம்மை போட்டுச்சு. ஒரே பாயில கெடந்தோம். எனக்கு எறங்கிருச்சு, அவ போயிட்டா. ஆறு வயசு."



"என்கிட்ட கூட்டியாந்திருந்தா ஒரு படம் புடிச்சு வச்சிருப்பேனே தங்கச்சி," என்றார் நூகு பாய்.

"அதுக்கெல்லாம் எங்க பாய் நேரம் இருந்துச்சு? அவளுதுன்னு எங்கிட்ட ஒரு துணிகூட இல்லை. எல்லாத்தையும் கொளுத்தச் சொல்லிட்டாங்க. இதுதான் மிச்சம்." கன்னத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள். "இதையும் எடுத்துடாதீங்க."

நூகு பாய் எழுந்து உள்ளே போனார். நானும் பின்னாலேயே போனேன். பஞ்சை டர்பென்டைன் எண்ணெயில் நனைத்து நெகட்டிவைத் துடைத்தார். பென்சில் கரைந்து வர வர, தழும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அவர் அழுதுகொண்டிருந்தார். காலையில் கத்தினதற்கு மன்னிப்புக் கேட்டேன். "போய்யா, வேலையைப் பாரு" என்றார்.

புதுப் பிரிண்டுகள் காய்ந்ததும், காட்சி விவரம் தட்டச்சு செய்த துண்டுச் சீட்டுகளைப் பின்னால் ஒட்டினோம். வாழ்க்கைக் குறிப்பில் காசியம்மாவுக்கு நான் எழுதியிருந்தது ஒரே வரி: 'கிளிஞ்சல்மேட்டைச் சேர்ந்த மீன் விற்பவர்.' நூகு பாய் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு காசியம்மாவிடம் திரும்பி, "புள்ள பேரு என்ன தங்கச்சி?" என்றார்.

"அல்லி."

தட்டச்சுப் பொறியில் தாளைத் திரும்பச் செருகினேன். பிரெஞ்சில் ஒரு வரி சேர்த்தேன்: 'அல்லியின் தாய்.'