காய்கறிப் பகுதியில் அண்ணி

அந்தக் கிடங்கில் அவளுக்கென்று சொந்தப் பெயர் ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. சூப்பர்வைசர் அவள் கணவனின் தம்பி. அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று, "அண்ணி, இந்த டிராலிய எடுத்துக்கோங்க" என்று பழக்கதோஷத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். சாயங்காலத்துக்குள் பாக்கிங் பெண்களிலிருந்து வேன் டிரைவர்கள் வரை எல்லாருக்கும் அவள் அண்ணி ஆகிவிட்டாள். வாசல் காவல்காரருக்கு அவளைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். அவரும் விடவில்லை. "சூப்பர்வைசருக்கே அண்ணின்னா எனக்கு மட்டும் என்ன அத்தையா?" என்பார்.

வேலை ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. ஜனங்கள் வீட்டில் உட்கார்ந்தபடி போனில் மளிகையும் காய்கறியும் கேட்பார்கள்; அலமாரி அலமாரியாகப் போய் எடுத்துக் கொடுக்க வேண்டும். அவள் டிராலியில் எட்டுப் பெட்டி, ஒரு பெட்டி ஒரு வீட்டுக்கு. மணிக்கட்டில் கட்டியிருக்கும் ஸ்கேனர் எந்த அலமாரி, எத்தனை, எந்தப் பெட்டி என்று சொல்லிக்கொண்டே வரும். வெங்காயத்தின் முன்னால் ஒரு தடவை நின்றால் எட்டு வீட்டு வெங்காயமும் முடிந்தது. இதற்கு 'பேட்ச்' என்று பெயர். எட்டு நடையை ஒரே நடையாக்கும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த ஒரு நடை கிடங்கு முழுவதையும் சுற்றிவிட்டுத்தான் வரும்.

அவளுடைய வலது முழங்காலுக்குள் யாரோ மணலை அள்ளிப் போட்டதுபோல் நறநறவென்று அரைக்க ஆரம்பித்து வெகுநாளாயிற்று. டிராலியின் கைப்பிடியில் உடம்பைச் சாய்த்து நடந்துகொள்வாள். டிராலி தள்ளுகிறவள் சாய்ந்து நடந்தால் யார் கவனிக்கப் போகிறார்கள்? கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட கணவன் வீட்டில் கட்டிலோடு இருந்தான். அவள் கால் நின்றால் அந்த வீட்டில் அடுப்பும் நின்றுவிடும். அதனால் கால்வலியை அவனிடமும் சொல்லவில்லை, கொழுந்தனிடமும் சொல்லவில்லை. கொழுந்தனுக்குத் தெரிந்தால் அவன் மேலே சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் சொந்தக்காரிக்குச் சலுகை என்று நாலு பேர் பேசுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனைப் பார்க்க வந்தவன் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. வேன்கள் தினமும் தாமதம். இந்த மாதத்துக்குள் சரிசெய்யாவிட்டால் உன் நாற்காலியில் வேறு ஆள் உட்காருவார் என்று மேலே சொல்லிவிட்டார்கள்.

"இருக்கிற முறையில என்னடா தப்பு?" என்றான் கட்டிலில் இருந்த அண்ணன்.

"தப்புன்னு இல்லண்ணே. ஆர்டர் கம்மியா இருந்தப்ப நல்லாத்தான் ஓடிச்சு. இப்ப ஒரே சந்துல அத்தன டிராலியும் முட்டிக்குது. தக்காளி கிட்ட போய்ப் பாரு, பஸ் ஸ்டாண்டு தோத்துடும்."

"வேற வழி?"

"ரெண்டு இருக்கு. ஒண்ணு ஸோன். ஆளு அவங்கவங்க பகுதியில நிப்பாங்க, பெட்டி மட்டும் உருளைப் பாதையில ஒவ்வொரு பகுதியாப் போகும். நடையே கிடையாது. ஆனா ஒருத்தர் தேங்கினா அவருக்குப் பின்னாடி எல்லாம் தேங்கிடும். இன்னொண்ணு வேவ். எந்த வேன் இப்பக் கிளம்பணுமோ அதுக்குண்டான ஆர்டர மட்டும் மொத்தமா எல்லாப் பகுதிக்கும் ஒரே நேரத்துல விடறது. அவங்கவங்க பங்க எடுத்து அனுப்பினா பாக்கிங் மேஜையில ஒண்ணு சேத்துக்கலாம். அதுல வேற தலைவலி."

டீ கொண்டுவந்தவள் காதில் ஒரே வார்த்தைதான் விழுந்தது. நடையே கிடையாது.

"ஸோனே போட்டுப் பாரேன் தம்பி" என்றாள். "எனக்குக் காய்கறியக் குடு."

"அதா? அது தொல்லை புடிச்ச இடம் அண்ணி. எடை போடணும், அழுகல் பாக்கணும்."

"உங்க அண்ணனக் கட்டின நாள்லேருந்து நான் பாக்காத அழுகலா?"

கட்டிலில் இருந்தவன் இடுப்பு வலியோடு சிரித்தான். "ஏண்டா, இதையும் காதுல வாங்கிட்டுச் சும்மா இருக்கியே" என்றான் தம்பியிடம்.

ஸோன் வந்தது. முதல் ஒரு மணி நேரம் அவளுக்குச் சொர்க்கமாக இருந்தது. காய்கறிப் பகுதி நாலு அலமாரியும் ஒரு எடை மேஜையும்தான். அவள் நின்றாள், பெட்டி வந்தது. அதற்கப்புறம்தான் கணக்கு தப்பிப்போனது தெரிந்தது. கனமான சாமானெல்லாம் கீழ்த்தட்டில் இருக்க வேண்டும் என்பது கிடங்குச் சட்டம். உருளைக்கிழங்கு, வெங்காயம், பூசணி மூன்றும் தரையோடு தரையாக இருந்தன. அவை இல்லாத ஆர்டரே இல்லை. பேட்சில் ஒரு தடவை குனிந்தால் எட்டு வீட்டுக்கு ஆயிற்று. இங்கே பெட்டி ஒவ்வொன்றாக வருகிறது, ஒவ்வொன்றுக்கும் குனிய வேண்டும். நடையைக் கணக்குப் போட்டவள் குனிவதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டாள். அதுவும் வாயைத் திறந்து தானே கேட்டு வாங்கிய இடம்.

மத்தியானத்துக்குள் அவள் முன்னால் பெட்டிகள் வரிசைகட்டி நின்றன. கடைசிப் பகுதி குளிர் அறை. அங்கே இருந்தவனுக்கு 'ஒட்டகம்' என்று பேர். தண்ணீர்கூடக் குடிக்காமல் நாள் முழுக்க நடப்பவன். அவன் கம்பளிக் குல்லாயோடு எட்டிப் பார்த்தான்.

"அண்ணி, பெட்டியெல்லாம் உங்ககிட்ட வந்து சீராடுதா? எதிர்பார்த்து எதிர்பார்த்து நான் உள்ள ஐஸ்கிரீமா ஆயிட்டேன்!"

"வெளிய வந்து நில்லுடா, உருகட்டும்" என்றாள். சிரிப்பு மட்டும் வரவில்லை.

அன்று கிளம்பிய வேன்கள் பேட்சில் போனதைவிடத் தாமதம். அடுத்த வாரம் கொழுந்தன் வேவுக்கு மாற்றினான். பகுதிகள் அப்படியே இருந்தன. பெட்டி ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகவில்லை. மணி அடித்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் எடுத்தார்கள். வீட்டுக்கு வீடு குனிவது மட்டும் மாறவில்லை. அவள் தேங்கினால் இப்போது ஒட்டகம் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் வேன் காத்திருந்தது. கடைசி வீட்டுப் பெட்டிதான் வேனில் முதலில் ஏற வேண்டும். அந்தப் பெட்டிக்கு அவளுடைய வெங்காயம் வந்து சேரவில்லை என்றால் ஒன்றையுமே ஏற்ற முடியாது. டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள். ஒவ்வொரு ஹாரனும் கொழுந்தனின் நாற்காலிக் காலை அறுப்பதுபோல் கேட்டது அவளுக்கு.

மறுநாள் காலை மற்ற ஆட்கள் வருவதற்கு முன்பே வந்து அவள் ஒரு காரியம் செய்தாள். தரையில் உட்கார்ந்து, உருளைக்கிழங்குப் பைகளைக் கீழ்த்தட்டிலிருந்து ஒவ்வொன்றாக இழுத்து, இடுப்புயர அலமாரியில் கொத்தமல்லிக் கூடைகளுக்குப் பின்னால் அடுக்கினாள். கீழ்த்தட்டுச் சீட்டை நின்ற இடத்திலிருந்தே ஸ்கேனர் படித்துவிடும். மெஷினைப் பொறுத்தவரை கிழங்கு கீழே இருந்தது. அவள் கை எடுத்ததோ மேலிருந்து. வேன்கள் நேரத்துக்குக் கிளம்ப ஆரம்பித்தன. கொழுந்தன் அவளைக் கடந்து போகும்போது விசில் அடித்துக்கொண்டு போனான். சின்ன வயதில் பரீட்சை முடிந்து வீட்டுக்கு வரும்போது அடிப்பானே, அந்த விசில். அவள் வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவன் அரைக்கால்சட்டைப் பையன்.

ஒருநாள் கால் வீங்கிப்போய், மாத்திரை போட்டுக் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று ஓய்வறைக்குப் போனாள். அவள் இடத்தில் நிற்கப் பாக்கிங் பெண் ஒருத்தியை அனுப்பினார்கள். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. ஸ்கேனர் கீழ்த்தட்டைக் காட்டியது. அந்தப் பெண் குனிந்து பார்த்தாள், காலி. 'இல்லை' என்று அழுத்தினாள். அவ்வளவுதான். கிடங்கிலேயே உருளைக்கிழங்கு கிடையாது என்று மெஷின் முடிவுகட்டி, அந்த வேவில் இருந்த எல்லா வீட்டு ஆர்டரிலிருந்தும் அடித்துவிட்டது. ஜனங்களின் போனிலும் 'இருப்பு இல்லை' என்று போட்டுவிட்டது. மேலேயிருந்து கொழுந்தனுக்குப் போன் வந்தது.

அண்ணி திரும்பி வரும்போது அவன் அந்தப் பெண்ணை அலமாரி முன்னால் நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தான்.

"குனிஞ்சு பாத்தியா இல்லையா? உண்மையச் சொல்லு."

"சத்தியமாப் பாத்தேன் சார். ஒண்ணுகூட இல்ல." அந்தப் பெண்ணுக்குக் குரல் உடைந்துவிட்டது.

அவன் கையை வீசிய வேகத்தில் கொத்தமல்லிக் கூடை நகர்ந்தது. பின்னால் பைகள் அடுக்கடுக்காக இருந்தன.

"இத யாரு இங்க வச்சது?"

பாக்கிங் பெண்ணின் கண்கள் நிரம்பி வழிந்தன. அண்ணி பார்த்தாள். இன்னும் கொஞ்சம் பேசாமல் இருந்தால் பழி அந்தப் பெண்ணோடு போய்விடும். அப்படித்தான் போகும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. நிஜமாகவே தோன்றியது.

"நான்தான்" என்றாள். "அவள விடு."

"ஏன் அண்ணி?"

"எடுக்கச் சௌகரியமா இருக்கட்டும்னு..."

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, முழங்காலைப் பார்த்தான். "கீழ இருக்கிற பூசணிய எடுத்துத் தாங்க" என்றான்.

அவள் குனிந்தாள். கால் மடங்குவது மடங்கியது. பூசணியைக் கட்டிக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. அலமாரியைப் பிடித்தாள், அதுவும் நடக்கவில்லை. எப்போதும் ஏதாவது சொல்லும் ஒட்டகம்கூடக் குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கொழுந்தன் அவள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி எடை மேஜையில் சாய்த்தான்.

"எவ்ளோ நாளா இது?"

"பேட்ச்லேருந்தே."

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீ என்ன செய்வே தம்பி?"

அவன் பதில் சொல்வதற்குள் அடுத்த வேவுக்கு மணி அடித்துவிட்டது. மணிக்கு இதெல்லாம் தெரியாது. அவன் அவள் மணிக்கட்டிலிருந்து ஸ்கேனரைக் கழற்றிக்கொண்டு காலி டிராலியை இழுத்தான். வீட்டுக்கு வீடு குனியவில்லை. அந்த வேனுக்கு மொத்தம் வேண்டிய கிழங்கையும் வெங்காயத்தையும் ஒரே குனிவில் அள்ளி மேஜையில் கொட்டினான். அவள் எடை போட்டு, அழுகலைத் தள்ளி, பெட்டி பெட்டியாகப் பிரித்தாள். அவளுக்குக் கை பறந்தது. மற்ற பகுதிகள் முடிப்பதற்கு முன்பே காய்கறி போய்ச் சேர்ந்துவிட்டது. வேன் ஹாரன் அடிக்காமல் கிளம்பியது.

அவன் மூச்சு வாங்க நின்றான். அவன் கண்ணில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. "இதுதான் அண்ணி. வேன் கணக்குக்கு வேவு, பகுதிக்கு ஒரு ஆளு, பகுதிக்குள்ள பேட்ச். மூணும் சேந்தாத்தான் ஓடும்."

"அப்ப நான் இந்த மேஜையில நின்னு பிரிச்சுக் குடுக்கறேனே" என்றாள். குரல் தானாகவே இறங்கி வந்தது. "அள்ளிப் போட மட்டும் ஒரு ஆளு..."

அந்த வெளிச்சம் அணைந்தது. "பகுதிக்கு ஒரே ஆளுக்குத்தான் மேல சம்மதிப்பாங்க. அள்ளுறவங்களேதான் பிரிக்கணும்."

"பாக்கிங்ல?"

"அங்கயும் பெட்டி தூக்கணும் அண்ணி."

பாக்கிங் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொத்தமல்லியை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்த வேவுக்கு நீ குனிஞ்சே" என்றாள் அண்ணி. "அடுத்ததுக்கு நீ வர முடியாது."

"அண்ணன்கிட்ட நான் வந்து பேசறேன்."

"நீ வேன அனுப்பற வழியப் பாரு. உன் நாற்காலியாவது மிஞ்சட்டும். அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்." என்ன சொல்வது என்று அவளுக்கே தெரியாது.

அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து எடுத்து எடைத்தட்டில் வைத்தாள். அவன் அதைத் தொடவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

காய்கறிப் பகுதியிலிருந்து வாசல் கொஞ்ச தூரம்தான். பிடித்துக்கொள்ள டிராலி இல்லை. இனி யாரிடமும் மறைக்க ஒன்றுமில்லாததால், அவள் அந்தக் கிடங்கில் முதல்முறையாக நன்றாக நொண்டிக்கொண்டே நடந்தாள். பின்னால் அடுத்த மணி அடித்தது. எல்லாரும் அலமாரிப் பக்கம் திரும்பினார்கள்.