எந்த ஊருக்கும் பொருந்தாத வரி

காஜா மைதீன் தம் விடுதிச் சமையற்காரி பெரியநாயகிக்கு நான்கு மாதச் சம்பளம் பாக்கி வைத்திருந்தார். இல்லாமல் வைத்த பாக்கி அல்ல. கையில் பணம் இருக்கும்போதே ஒருவரைக் காத்திருக்க வைப்பது முதலாளிக்கு அழகு என்பது அவர் எண்ணம். தலத்தெருவில் அவள் வீட்டுக் கூரையைப் புயல் கொண்டுபோயிருந்தது. தகரம் வாங்க அவளுக்கு அந்தப் பணம் வேண்டும். "ஆளுங்க தங்க வரட்டும், மொத்தமா வாங்கிக்க" என்பார். ஆள்தான் வரவில்லை.

காஜா மைதீன் லேசுப்பட்டவர் இல்லை. காரைக்காலில் அவர் இப்போது விடுதியாக நடத்தும் மாடிவீடு, ஐம்பதுகளில் வியட்நாமின் சைகோனில் சம்பாதித்துத் திரும்பிய ஒரு வியாபாரி கட்டியது. அதற்குச் செங்கல் சுமந்த கூலிகளில் அவருடைய வாப்பாவும் ஒருவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குச் சலாம் போட்ட மகன் ஷார்ஜாவுக்குப் போய், துணிக்கடையில் மூட்டை தூக்கி, பிறகு அதே கடையைச் சொந்தமாக வாங்கி, கடைசியில் ஊர் திரும்பி வாப்பா கல் சுமந்த வீட்டையே விலைபேசினார். தரை முழுக்க மார்பிள் போட்டார். அந்த மார்பிளில் நடக்கும்போது செருப்பைக் கழற்ற மாட்டார். நடக்கிற சத்தம் கேட்க வேண்டும் அவருக்கு.

இணையத்தில் எழுதினால் ஆள் வரும் என்று யாரோ சொல்ல, சௌந்தரவல்லியைக் கூப்பிட்டார். டியூஷன் எடுக்கிறவள். டெல்டா ஊர்களைச் சுற்றி வலைப்பூவில் பயணக் கட்டுரை எழுதுவாள். அதை வெளியூர்க்காரர்கள் நிறையப் பேர் படிக்கிறார்கள். எழுதியதைக் கைப்பேசியில் வைத்துக் கூடத்தில் நின்றபடி வாசித்தாள்.

"இயற்கை எழில் கொஞ்சும் காரைக்காலில், கடற்காற்று தாலாட்ட, மனத்துக்கு இதமளிக்கும் தங்குமிடம். நாவூறும் வீட்டுச் சாப்பாடு. ஒருமுறை வந்தால் மறக்கவே மாட்டீர்கள்."

"முடிஞ்சுதா?" என்றார்.

"முடிஞ்சுது பாய்."

"இதுல காரைக்காலை எடுத்துட்டு ஊட்டின்னு போடு. கடற்காத்தை எடுத்துட்டு மலைக்காத்துன்னு போடு. சரியா இருக்கா இல்லையா?"

சௌந்தரவல்லி கைப்பேசியில் அந்த வரியைத் திரும்பப் பார்த்தாள்.

"நான் துணி வித்தவன்மா. நல்ல துணி, அருமையான துணின்னு சொல்லிப்பாரு, ஒருத்தன் நிக்கமாட்டான். விரிச்சு அவன் கையில குடுக்கணும். விரலுக்கு நடுவுல தேச்சுப் பாக்கணும். எழில் கொஞ்சுதாம்ல! எங்க கொஞ்சுது, காட்டு. நீ படிச்ச படிப்புக்கு இதுதான் வருதா? இதுக்குக் காசு கிடையாது."

பக்கத்தில் மின்விசிறி மாட்டிக்கொண்டிருந்தவர் சிரித்தார். சௌந்தரவல்லியின் காது மடல் சிவந்ததைக் காஜா மைதீன் கவனித்தார். அவருக்கு அது பிடித்திருந்தது.

மறுநாள் விடியும்முன்பே அவள் வந்துவிட்டாள். மாடிப்படிக் கைப்பிடியைத் தடவினாள், சன்னலைத் திறந்து மூடினாள். மார்பிள் பக்கம் அவர் இரண்டு தடவை நடந்து காட்டியும் அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பிறகு சமையலறைக்குள் போனவள் மதியம்வரை வெளியே வரவில்லை. இந்தத் தடவை உட்கார்ந்து வாசித்தாள்.

"சன்னலைத் திறந்தால் முதலில் வருவது கருவாட்டு வாசம். அதற்குப் பின்னால்தான் கடல். விடியும்போது கீழே அம்மிக் குழவி உருளும் சத்தம் கேட்கும். பெரியநாயகி அம்மா மிளகாய் அரைக்கிறார். கொடுவா மீனை உப்பும் மஞ்சளும் போட்டு உரசிக் கழுவுகிறார். புளி கொதித்துப் பச்சை வாசம் போன பிறகுதான் மாங்காயைப் போடுகிறார். மீன் கடைசி. அதன்பின் கரண்டி போடுவதில்லை, சட்டியையே இரண்டு கையாலும் பிடித்துச் சுழற்றுகிறார். பரிமாறும்போது அவர் வலக்கையைப் பாருங்கள். உள்ளங்கையில் கரண்டிக் காம்பு ஏற்படுத்திய காய்ப்பு, புளியங்கொட்டை அளவில், பளபளவென்று இருக்கும்."

காஜா மைதீனுக்கு வாயில் எச்சில் ஊறியது. அதற்காகவே கோபமும் வந்தது. "மார்பிள்?"

"மார்பிள் எல்லா ஊர்லயும் மார்பிள்தானே பாய். நீங்க சொன்ன கணக்குதான்."

அவர் போட்ட தராசில் அவரையே நிறுத்துவிட்டாள். போட்டுக்கொள் என்றார்.

ஆட்கள் வந்தார்கள். திருச்சியிலிருந்து, கோயம்புத்தூரிலிருந்து, பாண்டிச்சேரியிலிருந்து. காலையில் குழவிச் சத்தம் கேட்டதும் மாடியிலிருந்து இறங்கி அடுப்படி வாசலில் கூடினார்கள். சட்டியைச் சுழற்றச் சொல்லிப் படம் எடுத்தார்கள். பெரியநாயகி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கையப் போயி படம் புடிக்கிறாங்களே" என்று வெட்கப்பட்டாள். பாக்கியைப் பற்றி ஒருநாள் மெல்லக் கேட்டாள். "மழைக்காலம் வருதுங்க மொதலாளி. ஆளுங்கதான் வந்துட்டாங்களே."

"பாப்போம்" என்றார் காஜா மைதீன்.

அந்த வாரமே மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கியது. காஜா மைதீன் வெள்ளைச் சட்டையில், அத்தர் மணக்க, வாசலில் நின்றார். காரிலிருந்து இறங்கியவர் பெட்டியை அவர் கையில் கொடுத்தார். "மேல கொண்டுபோய் வைங்க பெரியவரே. பெரியநாயகி அம்மா எங்கே?"

பெட்டி கனத்தது. அதே வாசல் வழியாகத்தான் அவருடைய வாப்பா செங்கல் சுமந்து போனார். பின்னால் வந்த சின்னப்பெண், "இவர் யாருப்பா? கட்டுரையில இவர் இல்லையே" என்றாள்.

பெட்டியைக் கீழே வைக்கவில்லை அவர். மாடிவரை சுமந்து, அறையில் வைத்து, வந்தவர் நீட்டிய இருபது ரூபாயையும் வாங்கிக்கொண்டு இறங்கினார். சௌந்தரவல்லியைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அந்தப் பொம்பளையப் பத்தி இருக்கிறத எல்லாம் எடு. முதல்ல எழுதுனயே, அதைப் போடு."

"பாய், அதுவா? ஊட்டிக்கும் பொருந்தும்னு நீங்கதானே..."

"எழில் கொஞ்சட்டும்."

"அதைப் படிச்சு யாரும் வரமாட்டாங்க. இவங்களெல்லாம் அந்தம்மா கையப் பாக்க வர்றாங்க."

"அந்தக் கை நாளைலேருந்து இங்க இருக்காது. இல்லாதத எழுதுனா அது பொய்யி. நீ பொய் எழுதுவியா?"

அவள், "நான் அவங்க கையப் பாத்திருக்கவே கூடாது" என்றாள். அன்று மாலைக்குள் வரிகள் மாறியிருந்தன.

மதுரைக் குடும்பம் சாப்பிட்டு, பெரியநாயகியோடு நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகு காஜா மைதீன் அவளைக் கூடத்துக்கு அழைத்தார். ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வந்தாள். மார்பிளில் அவள் பாதத் தடம் விழுந்தது.

"ஓம் பாக்கி தரப்போறேன்."

அவள் முகம் அப்படியே மலர்ந்தது. "அல்லா ஒங்களுக்குக் கொறை வைக்கமாட்டாருங்க. நாளைக்கே தகரம் வாங்கிப்புடுவேன்."

"வாங்கு. வேஞ்சுட்டு அங்கேயே இரு. இங்க வரவேணாம்."

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. "கொழம்புல ஏதும் கொறையாங்க?"

"கொழம்புல ஒரு கொறையும் இல்ல."

"அப்பறம் என்னங்க செஞ்சேன்?"

தாமே சம்பாதித்த வீட்டில், தாமே போட்ட மார்பிளில் நின்றபடி, அந்தக் கேள்விக்குப் பதில் தேடினார் காஜா மைதீன். கிடைத்த ஒரே பதிலைத் தமக்குத்தாமே சொல்லிக்கொள்ளவும் வெட்கமாக இருந்தது. "கைய நீட்டு" என்றார்.

வலக்கையை நீட்டினாள். நோட்டுகளை எச்சில் தொட்டு ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி வைத்தார். எப்போதோ அவள் கையில் உடைந்த பீங்கான் தட்டுக்கென்று ஒரு நூறை எடுத்து மறுபடி சட்டைப்பையில் போட்டார். அப்போது அவர் விரல் அவள் உள்ளங்கையில் இடறியது. புளியங்கொட்டை அளவில், வழவழவென்று, கெட்டியாக. சௌந்தரவல்லி ஒரு சொல்லைக்கூடக் கூட்டி எழுதியிருக்கவில்லை. காஜா மைதீன் விரலை இழுத்துக்கொண்டு, பெட்டி தூக்கிய கூலி இருபது ரூபாயை மேலே வைத்து, கணக்கை முடித்தார்.