மணியக்காரர் திறந்த நோன்பு

அலுவலகத்தில் அவருக்கு மணியக்காரர் என்று பெயர். நிலபுலன், நாட்டாண்மை எதுவும் கிடையாது. கட்டட வரைபடம் போட்டுத் தரும் ஒரு நிறுவனத்தில் யார் எப்போது எந்த அறையில் கூட வேண்டும், எந்த வேலை எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்று மணி பார்த்துச் சொல்கிறவர், அவ்வளவுதான். கணினித் திரையில் கலர் கலராகக் கட்டம் போட்டு வைப்பார். ஒரு கட்டம் காலியாகக் கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது. "குழம்பு கொதிக்கறதுக்கும் உங்ககிட்ட நேரம் வாங்கணுமா?" என்று வீட்டில் மனைவி கேட்பாள்.

நோன்பு மாதம் வரப்போகிறது என்றதும், யாரும் கேட்காமலே பிளான் அக்காவின் மேசைக்குப் போய் நின்றார். அங்கே நோன்பு இருக்கிறவர்கள் இரண்டே பேர்: வாசலில் போன் எடுக்கும் பெண், அப்புறம் பிளான் அக்கா. அக்கா அவரைவிட இளையவள்தான். ஆனாலும் அவள் கோடு போட்டால் கட்டடம் நிற்கும் என்பதால் எல்லோருக்கும் அக்கா.

"மீட்டிங்கெல்லாம் மாத்தித் தரேங்க்கா. எப்ப வசதி?"

"காலையிலயே வச்சுடுங்க. மத்தியானத்துக்கு மேல நாக்கு ஒட்டிக்கும். பைல் அனுப்பற கெடுவையும் சாயங்காலத்துல வைக்காதீங்க, மறுநாள் காலையில கேளுங்க."

"நோன்பு திறக்கறது எத்தனை மணிக்கு?"

"இப்ப ஆறரை வாக்குல."

மணியக்காரர் யோசித்தார். கடை திறப்பது, பள்ளிக்கூடம் திறப்பது எல்லாம் காலையில்தானே? ஆக, காலை ஆறரைக்கு ஆரம்பம். சாயங்காலம் ஆறுக்குள் எப்படியும் மூடிவிடுவார்கள். இன்னொரு தரம் கேட்டிருக்கலாம்தான். மணி விஷயத்தில் யாரையும் இன்னொரு தரம் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை.

தினசரிக் கூட்டம் காலைக்கு வந்தது. கெடுக்களும் நகர்ந்தன. நோன்பு மாதக் கடைசியில் வந்த ஒரு பெரிய கூட்டத்தையும் பார்த்துப் பார்த்து வைத்தார். ஒரு பள்ளிக்கூடத்துக்கு அக்கா வரைந்திருந்த பிளானைப் பள்ளிக்காரர்களிடம் விளக்க வேண்டும். இதுவரை முதலாளி பேசுவார், அக்கா வரைபடத் தாள்களைப் புரட்டிக் காட்டுவாள். இந்தத் தடவைதான் முதன்முதலாக அவளே பேசப் போகிறாள். நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தெம்பாகப் பேசட்டும் என்று மணியக்காரர் மாலை ஆறேகாலுக்கு வைத்தார். பள்ளிக்காரர்களும் சரி என்றுவிட்டார்கள்.

மறுநாள் அக்கா வந்து நின்றாள்.

"ஆறேகாலா?"

"ஏங்க்கா, ஆறு மணிக்கெல்லாம் மூடிடுவீங்கல்ல?"

"எதை?"

"அதான்... நோன்பை. காலையிலதானே திறக்கறீங்க?"

வாசல் பெண் சிரித்த சிரிப்பில் போனில் இருந்தவர் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

"மணியக்காரரே, விடியறதுக்கு முன்னாடி சாப்பிட்டுட்டுப் பிடிக்கறது நோன்பு. பொழுது சாஞ்சதும் முடிச்சுக்கறது திறக்கறது. பகல் பூரா மூடி வச்ச வாயை அப்பத்தான் திறப்போம். நீங்க அந்த வாயைப் பிளான் பத்திப் பேசச் சொல்றீங்க!"

சத்தம் கேட்டு முதலாளி எட்டிப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் அவருக்கு இரக்கம் பொங்கியது. "நேரம் கொடுத்தாச்சு, மாத்தினா நல்லாருக்காது. நீ சிரமப்படாதம்மா. வழக்கம்போல நானே பேசிடறேன்."

அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. "நான் நோன்புல இருக்கேன் சார், லீவுல இல்ல," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போனாள்.

கொடுத்த நேரத்தை மாற்றச் சொல்லி மணியக்காரர் யாருக்கும் போன் போட்டதில்லை. இப்போது போட்டார். காதெல்லாம் சூடு.

பள்ளிக்கூடச் செயலாளர் அம்மா எடுத்தார்.

"தப்பு என் பேர்லம்மா. திறக்கறதுன்னா காலையிலன்னு நினைச்சுட்டேன்," என்று ஆரம்பித்து, கடை, வாய் எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

"ஆறேகால் யாருக்குங்க பிடிக்கும்? எனக்கு வீட்டுக்குப் போகணும், எங்க தலைவருக்கு நடக்கப் போகணும். நீங்க அவ்வளவு உறுதியாச் சொன்னீங்களேன்னுதான் சரின்னோம். காலையில பத்து மணிக்கு வரோம்."

பத்து மணிக்கு அக்கா பேசினாள். ஜன்னல் ஏன் அந்தப் பக்கம், படி ஏன் இத்தனை அகலம் என்று அவளே சொன்னாள். இந்தத் தடவை தாள்களைப் புரட்டியது முதலாளி, அதுவும் இரண்டு தரம் தப்பாக. மணியக்காரர் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, மேசைக்கு அடியில் குனிந்து தண்ணீர் குடித்தார்.

"நேராவே குடிங்க," என்றாள் அக்கா, நடுவில் நிறுத்தி. "நீங்க குடிச்சா எனக்குத் தாகம் எடுக்காது. ஒளிஞ்சு குடிச்சாத்தான் சிரிப்பு வந்து பேச்சு மறந்துபோகுது."

பள்ளிக்காரர்கள் பிளானுக்குச் சம்மதம் சொல்லிவிட்டுப் போனார்கள். மணியக்காரர் நிமிர்ந்த நெஞ்சோடு கணினியைத் திறந்தார்.

"பெருநாள் லீவு எந்தத் தேதிக்கா? இப்பவே கட்டம் போட்டுடறேன்."

"பிறை தெரிஞ்சாத்தான் தெரியும். வியாழனா இருக்கலாம், வெள்ளியா இருக்கலாம்."

"இருக்கலாமா?"

"முந்தின நாள் ராத்திரி சொல்றேன்."

மணியக்காரர் வியாழனைப் பார்த்தார், வெள்ளியைப் பார்த்தார். இரண்டிலும் இருந்த கெடுக்களை எடுத்து அடுத்த வாரத்துக்குத் தள்ளினார். திரையில் இரண்டு கட்டங்கள் வெள்ளை வெளேரென்று காலியாகக் கிடந்தன. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கியதா என்பதை மனைவியிடம்தான் கேட்க வேண்டும்.