மூடிய லைனில் வந்த திருத்தம்

திருவொற்றியூரில் கடலை ஒட்டியிருந்த ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் நான் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். கல்யாணமாகாத பெண்ணுக்கு அது கௌரவமான வேலை என்று ஊரில் பேச்சு. நாள் முழுக்கக் காதை இறுக்கும் ஹெட்போனை ஊர்க்காரர்கள் மாட்டிப் பார்த்ததில்லை.

எங்கள் சூப்பர்வைசர் ஓர் ஆங்கிலோ-இந்திய மிஸ். எதை மன்னித்தாலும் ஒரு தப்பை மட்டும் மன்னிக்க மாட்டார். துறைமுகத்திலிருந்து கப்பல்காரர்கள் சரக்கின் பரிசோதனை ரிப்போர்ட் கேட்டுப் பேசுவார்கள். நாங்கள் லேபைக் கூப்பிட்டு, "குட் யூ டெல் மி வென் தி ரிப்போர்ட் ஈஸ் ரெடி?" என்று கேட்க வேண்டும். ராயபுரம் மீனவர் குடும்பத்திலிருந்து புதிதாக வந்த பெண்ணோ, "வென் ஈஸ் தி ரிப்போர்ட் ரெடி" என்றே முடிப்பாள்.

தனியாகக் கேட்டால் அதுதான் சரி. 'ஈஸ்' முன்னால் வரும். 'குட் யூ டெல் மி' என்று தொடங்கிவிட்டால் கேள்வி அங்கேயே கேட்கப்பட்டுவிட்டது. அப்புறம் 'ஈஸ்' ரிப்போர்ட்டுக்குப் பின்னால் போய் அடங்கி உட்கார வேண்டும். தமிழில் இந்த இடமாற்றமே இல்லை, நமக்கு எப்படிப் பிடிபடும்?

யாராவது தப்பாகக் கேட்டால் திட்டக் கூடாது, அதே வாக்கியத்தைச் சரியாகத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் டெலிபோன் போர்டின் வழக்கம். நானும் அவளுக்குத் திருப்பிச் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனேன். சனிக்கிழமை மிஸ் வைக்கும் டெஸ்டில் தவறினால் வேலை போய்விடும். அவள் அப்பாவுக்கு இடுப்பு விழுந்து கடலுக்குப் போகாமல் கிடந்தார். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் நான் சாப்பிட்டுத் திரும்பியபோது அவள் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, போர்டுல கடைசியா இருக்கற கோடி லைனு எங்க போவுது?"

"பழைய லேபுக்கு. பூட்டிக் கிடக்கு. அங்க போனே இல்ல."

"அதுக்கு மேல இருக்கற தகடு வுழுந்துச்சிக்கா. யாரோ கூப்புடறாங்கன்னு எடுத்தேன். பேச்சே இல்ல. லேபுன்னு நெனச்சி ரிப்போர்ட்டு கேட்டேன். ஒரு ஆம்பள, நான் சொன்னதயே மெதுவா, சரியா திருப்பிச் சொன்னாருக்கா. ரெடிக்கு முன்ன கொஞ்சம் நின்னு."

பயத்தில் உளறுகிறாள் என்று அதட்டினேன். அன்று சாயங்காலமே, அழைப்பு வந்தால் விழும் அந்தத் தகடு என் கண் முன்னால் விழுந்தது. நான் எடுக்கவில்லை. கடல் காற்றில் கம்பி உரசியிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமையும் அவள் அந்த லைனில் பேசினாள். பயத்தோடேதான். அதற்குப் பிறகு அவள் வாயில் ஒரு தப்பும் வரவில்லை. 'ரெடி'க்கு முன் ஒரு நிறுத்தம் மட்டும் புதிதாக ஒட்டிக்கொண்டது.

சனிக்கிழமை டெஸ்ட். முதல் வாக்கியத்திலேயே மிஸ் கையை உயர்த்தினார்.

"யார் சொல்லிக் கொடுத்தது உனக்கு, இப்படி நிறுத்தி?"

பொய் சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். பாவி, நடந்ததை அப்படியே சொன்னாள். சொல்லிவிட்டு, "என்ன அனுப்பிடாதீங்க மிஸ், வூட்ல யாருமில்ல சம்பாதிக்க" என்று அழுதாள்.

மிஸ் கோபப்படவில்லை. பழைய லேபில் தீப்பிடித்தபோது உள்ளே சிக்கி இறந்த கெமிஸ்ட்டைப் பற்றி மெல்லச் சொன்னார். "நான் புதுசா வந்தப்ப இதே தப்புதான் பண்ணேன். அவர்தான் போன்ல, கடைசி வார்த்தைக்கு முன்ன இப்படி நிறுத்தி, திருத்துவார். அப்புறம் நான் அதைக் கேக்கவே வேணும்னு தப்பா பேசுவேன்." அந்த மாதக் கடைசியில் இருவருக்கும் கல்யாணம் நடக்க இருந்ததாம்.

எங்களை விலகச் சொல்லி, ஹெட்போனை மாட்டினார். கோடித் துளையில் பிளக்கைச் செருகினார். வருஷக்கணக்காக எங்களைத் திருத்திய அந்த வாயால் கேட்டார்:

"குட் யூ டெல் மி வென் ஆர் யூ கமிங்?"

தகடு அசையவில்லை. மறுபடியும் அதே தப்போடு கேட்டார். மூன்றாவது முறை குரல் உடைந்தது.

அவர் முதுகுக்குப் பின்னால் நின்ற புதுப்பெண், கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைசிச் சொல்லுக்கு முன் கொஞ்சம் நிறுத்தி, மெதுவாகச் சொன்னாள்:

"வென் யூ ஆர்... கமிங்."

மிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. "தேங்க் யூ" என்றார். நெடுநேரம் கழித்துத்தான் ஹெட்போனைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

"திங்கக்கிழமையிலிருந்து இந்தக் கோடி லைன் பக்கம் நீ உக்காரு."