கிரேசி அக்காவின் இரண்டு டம்பெல்

என் அக்கா கிரேசி முட்டம் கடற்கரையில் மீன் விற்பவள். இன்று நான் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறேன் என்றால் அது அவள் புண்ணியம்.

பழைய மஞ்சள்காமாலைக் கிருமி என் ஈரலைக் கெடுத்துவிட்டது. மரியான் குடித்தே கெட்டான் என்று ஊர் என்னைப் பேசியது. ஊருக்கு வேறு வேலை என்ன? அக்கா தன் ஈரலில் ஒரு பங்கைத் தர வந்தாள். பரிசோதித்த டாக்டர், "ஈரல்ல கொழுப்பு கூடுதலா இருக்கு. எடையைக் குறைச்சாதான் எடுக்க முடியும். சீக்கிரம்" என்றார். எனக்கு அதிக நாள் இல்லை என்று அவர் முகமே சொன்னது.

அக்கா ஜிம்முக்குப் போகிற ஆள் இல்லை. அத்தான் துபாயிலிருந்து கொண்டுவந்த ஐந்து கிலோ டம்பெல் ஒரு ஜோடி கட்டிலுக்கடியில் துருப்பிடித்துக் கிடந்தது. நாகர்கோவிலில் உடற்பயிற்சி சொல்லித்தரும் பக்கத்துவீட்டு ஷைஜா, டாக்டரிடம் கேட்டுவிட்டு அதை இழுத்து வெளியே போட்டாள்.

"பெஞ்ச் இல்லாட்டி தரையில மல்லாந்து படுத்துத் தூக்குங்கக்கா. இழுக்குத மெஷின் வேண்டாம், ஒரு கைய கட்டில்ல ஊனி மறு கையால இடுப்புப் பக்கமா இழுங்க. காலுக்கு, ஒண்ணை நெஞ்சோட பிடிச்சு நாற்காலியில இருந்து எந்திரிங்க."

ஒருநாள் விட்டு ஒருநாள் இது. மற்ற நாளில் கடற்கரையில் நடை. பரோட்டாவும் மரச்சீனிக் கிழங்கும் தட்டிலிருந்து குறைந்தன. ஐந்து கிலோ லேசானபோது ஷைஜா புதிது வாங்கச் சொல்லவில்லை. மெதுவாக இறக்கி, கீழே கொஞ்சம் நிறுத்தி ஏற்றச் சொன்னாள். அக்கா அவளைத் திட்டிக்கொண்டே ஏற்றினாள்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் வந்தது. எடை மளமளவென்று இறங்கியது, வீடே சந்தோஷப்பட்டது. ஷைஜா மட்டும் சந்தோஷப்படவில்லை. முன்பு எளிதாகத் தூக்கிய டம்பெல்லை அக்காவால் பாதி வரைகூடக் கொண்டுபோக முடியவில்லை.

"என்னக்கா தின்னுதீங்க?"

"மீனும் முட்டையும் விட்டாச்சு. எனக்க தம்பிக்க உசுருக்காக நேந்தது."

"வெறும் கஞ்சியும் துவையலும்னா கொழுப்போட தசையும் போவும். ஆப்பரேசனுக்குப் பொறவு எந்திரிச்சு நடக்கத் தெம்பு வேண்டாமா?"

நேர்ச்சையை முறிப்பதா என்று அக்கா அழுதாள். பங்குச் சாமியாரிடம் போனாள். "மீன விடாத கிரேசி. ஒனக்கு உசுரான வேற எதையாவது விடு" என்றார் அவர். அக்கா டீயை விட்டாள். சீனி தூக்கலாக, பொழுதுக்கும் குடித்துக்கொண்டிருந்த டீ! கூட இருந்த எங்களுக்குத்தான் தவக்காலம்.

அன்று மத்தியானம் சாளைமீன் கறியைத் தட்டில் போட்டு என் எதிரே உட்கார்ந்தாள். கண்ணீர் வடிய, "ஏலே, ஒனக்காகத்தான் தின்னுதேன்" என்றாள்.

அதற்குப் பிறகு எடை நிதானமாக இறங்கியது, கைக்குப் பலம் திரும்பியது. ஈஸ்டர் கழிந்து எடுத்த ஸ்கேனைப் பார்த்த டாக்டர், "எடுக்கலாம்" என்றார். ஒரே நாளில் இருவரையும் அறுத்தார்கள். முதலில் எழுந்து நடந்து என்னைப் பார்க்க வந்தது அவள்தான்.

அடுத்த தவக்காலம் வருவதற்குள் எடை தூக்கலாம் என்று டாக்டர் எனக்கும் சொல்லியிருந்தார். "அக்கா, ஒனக்காக நான் மீன விடட்டா?" என்றேன். அவள் கட்டிலுக்கடியில் கைவிட்டு ஒரு டம்பெல்லை எடுத்து என் கையில் வைத்தாள்.

"மீனைத் தின்னுட்டு இதைத் தூக்கு மக்கா. உள்ள இருக்கது எனக்க ஈரலாக்கும்."