கறி கல்லை விடும் நேரம்

மம்சாபுரத்து முனீஸ்வரி நாற்பது வயதுவரை ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தவள். ஓடுகிற மெஷினில் நூல் அறுந்தால் யோசிக்கக்கூடாது, கை தானாகப் போய் ஒட்டவேண்டும். அந்த மில்லை மூடியபோது, சும்மா நிற்கத் தெரியாத விரல்களும் இரைச்சலில் பாதி மங்கிய காதும்தான் அவளுக்கு மிச்சம்.

பஞ்சு மார்க்கெட் பக்கம் பரிபூரணம் நடத்தும் மெஸ்ஸில் அவள் சமையலுக்குச் சேர்ந்தாள். அங்கே மாஸ்டர் சங்கையா. அவர் போடும் தொடைக்கறி ரோஸ்ட்டுக்காகவே தென்காசி ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்துவார்கள். எலும்பு நீக்கிய ஆட்டுத்தொடையைப் பெரிய துண்டுகளாக இரும்புக் கல்லில் போட்டுச் சிவக்க வைப்பார். பிறகு கனத்த சட்டியில் மூடி மெல்ல வேகவிடுவார். கறியைத் திருப்பும் சட்டுவத்தை நோக்கி முனீஸ்வரியின் கை நீண்டால், அடுப்பு விளிம்பில் கரண்டிக் காம்பால் டொக் டொக் என்று தட்டுவார். தொடாதே என்று அர்த்தம். வாயைத் திறந்து அதிகம் பேசுகிறவர் இல்லை.

போன ஆவணியில் அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆயிற்று. குரல் போய்விட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தன் வீட்டோடு இருந்துவிட்டார். கல் முனீஸ்வரியின் கைக்கு வந்தது.

கறி கல்லில் ஒட்டிக்கொண்டது. பிடுங்கினால் கிழிந்தது. தண்ணீர் விட்டு வெளுத்துக் கிடந்தது. பரிபூரணம் ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு இலையோரம் ஒதுக்கினாள்.

"ஏட்டி, இது ரோஸ்ட்டா, அவிச்ச கறியா? இப்படியே போனா மதுரையில இருந்து வேற மாஸ்டரத்தான் கூட்டிட்டு வரணும்."

அவளே ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் போன் போட்டுப் புலம்பியிருக்கிறாள். பேச முடியாத மனுஷன் என்ன செய்வார்? எழுதினார். தபாலில் வந்த கடிதத்தை முனீஸ்வரி அடுப்படியில் நின்றே படித்தாள்.

"முனீஸ்வரிக்கு, சங்கையா எழுதுவது. கழுவின கறியை அப்படியே கல்லில் போடுகிறாய் என்று தெரிகிறது. துணியால் ஒற்றி எடு. ஈரம் இருந்தால் முதலில் ஆவிதான் கிளம்பும், அதுவரை கறி சிவக்காது. கல் நன்றாகக் காயட்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது பரவாமல் உருண்டு ஓட வேண்டும். பிறகு கடலை எண்ணெய். துண்டுகளை நெருக்கிப் போடாதே. நெருக்கினால் கல் குளிர்ந்துபோகும், கறி தண்ணீர் விடும், அந்தத் தண்ணீரிலேயே வெந்துவிடும்.

போட்ட பிறகு தொடாதே. அமுக்காதே. முதலில் ஒட்டத்தான் செய்யும், பயப்படாதே. அடியில் முறுகல் கட்டினதும் கறியே கல்லை விட்டுவிடும். ஓரத்தில் சட்டுவத்தை லேசாகக் கொடுத்துப் பார். வரவில்லை என்றால் இன்னும் நேரம் இருக்கிறது. சத்தத்தைக் கேள். ஈரம் இருக்கும்வரை இரைச்சலாக இருக்கும். ஈரம் போனதும் சத்தம் இறங்கி, பொட்டுப் பொட்டென்று வெடிக்கும். புகை கறுத்தால் மட்டும் தீயைக் குறை.

சிவக்க வைத்தால் சாறு உள்ளேயே பூட்டிக்கொள்ளும் என்பார்கள். நம்பாதே. சிவக்க வைப்பது மணத்துக்கும் ருசிக்கும்தான். சாறு நிற்பது பிறகு நீ வைக்கும் சிறு தீயில். மசாலாவை அப்போது போடு, முதலிலேயே போட்டால் கருகிக் கசக்கும். வெந்து இறக்கினதும் உடனே வெட்டாதே. செத்த நேரம் சும்மா கிடக்கட்டும். நீயும் சும்மா இரு. உனக்கு அதுதான் கஷ்டம்."

அன்று கறியைத் துணியால் ஒற்றினாள். கல்லைக் காயவிட்டாள். துண்டுகளை இடம் விட்டுப் பரப்பினாள். கொஞ்ச நேரத்தில் விரல்கள் துறுதுறுத்தன. சட்டுவத்தை எடுக்கப் போனாள்.

டொக் டொக்.

கையை இழுத்துக்கொண்டு திரும்பினாள். பின்னால் சுவர்தான் இருந்தது. ஜன்னல் வழியே முற்பகல் வெயில் விழுந்திருந்தது. புகைபோக்கி விசிறி இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலில் பக்கத்தில் நின்று கூப்பிட்டாலே அவள் காதில் விழாது.

"வினோத்து, நீயா தட்டுன?"

வினோத் பரோட்டா போடுகிறவன். மாவுக் கையோடு வாசலில் இருந்து எட்டிப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினான். "நான் இங்கல்ல நிக்கேன். ஒண்ணும் கேக்கலியே, அக்கா."

அவள் காத்திருந்தாள். சத்தம் இறங்கியது. சட்டுவத்தைக் கொடுத்ததும் துண்டு வழுக்கிக்கொண்டு வந்தது. அடிப்பக்கம் தேன் நிறத்துக்கும் மேலே சிவந்திருந்தது. பரிபூரணம் அன்று இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அந்தத் தட்டல் தினமும் வந்தது. முதலில் கை நீளும்போது வந்தது. பிறகு கை அசையும் முன்னாலேயே, திருப்பலாமா என்று மனசில் தோன்றியதுமே வந்தது. கறி நன்றாக வந்தது. அவளுக்குத்தான் சோறு இறங்கவில்லை. அடுப்புக்கு முதுகைக் காட்டக் கூசினாள். எதையாவது நினைக்கவே பயந்தாள்.

முகூர்த்த நாள் ஒன்றில் கூட்டம் தாங்கவில்லை. முன்னால் இலை போட்டு உட்கார்ந்தவர்கள் கூப்பாடு போட்டார்கள். கல்லில் இரண்டாவது தடவையாகப் போட்ட ஈட்டை அவள் பொறுக்காமல் பிரட்டினாள். தட்டல் விடாமல் விழுந்தது, யாரோ கதவை இடிப்பதுபோல. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாத் துண்டையும் கிழித்துக் கிழித்துத் திருப்பினாள். தட்டல் நின்றது. கிழிந்ததை மசாலாவில் பிரட்டிச் சுக்காவாக அனுப்பிவிட்டாள். பரிபூரணத்துக்குக்கூடத் தெரியாது.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினாள்.

கதவைத் திறந்தது மாஸ்டரின் மனைவி அய்யம்மாள். "வாட்டி, நல்ல நேரத்துக்குத்தான் வந்த. அவியளப் பாரு. காலையில ஒக்காந்தா மத்தியானம் வரைக்கும் கட்டில் கம்பியத் தட்டிக்கிட்டே இருக்காவ. என்னன்னு கேட்டா, கறி சத்தம் கேக்குதுன்னு எழுதிக் காட்டுதாவ. எங்க வீட்டுல கறி எடுத்து எம்புட்டு நாளாச்சு!"

சங்கையா கட்டிலில் சாய்ந்திருந்தார். கழுத்தில் வெள்ளைத் துணி. கையில் ஒரு தேக்கரண்டி. அவளைக் கண்டதும் சிலேட்டை எடுத்து எழுதித் திருப்பிக் காட்டினார்.

'நேத்து ரெண்டாவது ஈடு. ஏன் அவசரம்?'

முனீஸ்வரி அதை இரண்டு தரம் படித்தாள். அய்யம்மாள் காப்பி போட உள்ளே போயிருந்தாள்.

"மாஸ்டர், உங்களுக்கு யாரு சொன்னா?"

அவர் தன் காதைத் தொட்டுக் காட்டினார்.

"எனக்கும் நீங்க தட்டுறது கேக்குது. கை போகுமுன்ன கேக்குது. நெனைக்குமுன்ன கேக்குது." அவள் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள். "நீங்க எழுதுனது அம்புட்டும் மனசுல இருக்கு மாஸ்டர். நான் பாத்துக்கிடுதேன். இனிமே தட்டாதீய. பயமா இருக்கு."

அவர் சிலேட்டை அழித்துவிட்டு எழுதினார்.

'எனக்கும்.'

பிறகு தேக்கரண்டியை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். கம்பியில் பட்டுப் பட்டு அதன் காம்பு நசுங்கியிருந்தது. அய்யம்மாள் காப்பியோடு வந்தபோது முனீஸ்வரி அதைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் முற்பகல் கல் காய்ந்தது. துண்டுகளைப் பரப்பினாள். விரல் துறுதுறுத்தது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஒன்றும் வரவில்லை. தட்டல் வந்த நாட்களைவிட அது வராததுதான் பயமாக இருந்தது. விசிறியை நிறுத்தினாள். புகை கண்ணைக் கரித்தது. கல்லுக்கு மேலே குனிந்து, மங்கிய காதைத் தாழ்த்தி, கறியை மட்டும் கேட்டாள். இரைச்சல் மெல்ல இறங்கியது. பொட்டு. பொட்டுப் பொட்டு. சட்டுவத்தைக் கொடுத்தாள். கறி கல்லை விட்டது.

மதுரையில் இருந்து மாஸ்டர் யாரும் வரவில்லை. இன்றும் அந்தக் கல் முனீஸ்வரியிடம்தான் இருக்கிறது. அவள் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்வந்த அந்த வாரக் கடைசியில் அய்யம்மாள் போன் செய்தாள்.

"நீ வந்துட்டுப் போனதுல இருந்து அவிய முற்பகல்ல அசந்து தூங்குதாவ. என்னட்டி சொன்ன அவியகிட்ட?"

"ஒண்ணுமில்ல அக்கா. நல்லாத் தூங்கட்டும்," என்றாள் முனீஸ்வரி. இறக்கி வைத்த கறி பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்தது. வெட்ட இன்னும் நேரம் இருந்தது.